பயிற்சிக்கு வராதவருக்கு எழுதும் குறிப்பு: இயந்திரப் பூட்டுப் பயிற்சியில் நேரும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கில் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து இரண்டு பேரை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். போய் வந்தவர் ஒரு பக்கம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது வழக்கம். பல பயிற்சிகளில் அந்தக் குறிப்பு சுமாராக இருந்தாலும் பெரிய கேடு இல்லை. லோட்டோ என்று நாம் சொல்லும் பயிற்சி அப்படிப்பட்டது அன்று. பழுதுபார்க்கும்போது இயந்திரம் தானாக ஓடிவிடாதபடி ஆற்றலைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டும் முறை அது. அதைப் பற்றிய குறிப்பில் ஒரு நிபந்தனை விடுபட்டால், படித்தவரின் கை இயந்திரத்துக்குள் இருக்கும் நேரத்தில்தான் அது வெளிப்படும்.

பெரும்பாலும் எழுதப்படும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நேற்று லோட்டோ பயிற்சி நடைபெற்றது. முதலில் விபத்துகள் பற்றிய காணொளி காட்டப்பட்டது. பிறகு படிமுறைகள் விளக்கப்பட்டன. மின்சாரத்தை நிறுத்திய பின் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கி நிற்கும் பாகங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வேண்டும். சிறிய அடைப்புகளுக்குப் பூட்டுத் தேவையில்லை. பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது."

முதல் மூன்று வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் அன்றைய நிகழ்ச்சிநிரல். அலுவலகக் கோப்புக்கும், பயிற்சிச் செலவை ஈடுசெய்யும் எச்ஆர்டி கார்ப் கழகத்திடம் வைக்கும் கட்டணக் கோரிக்கைக்கும் தேதி, பயிற்றுநர், வருகைப் பதிவு முதலியவை தேவைப்படும். அவற்றைத் தனியாக எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்துவிடலாம். இரவு ஷிப்டில் அட்டைப்பெட்டி ஒட்டும் இயந்திரம் அடைத்துக்கொண்ட நேரத்தில் கைப்பேசியைத் திறக்கும் மெக்கானிக்குக் காணொளி காட்டினார்களா என்பது தேவையற்ற செய்தி. இந்தத் தவறைத் திருத்துவது எளிது. நடுவில் உள்ள ஐந்து வாக்கியங்கள்தாம் ஆபத்தானவை.

"5 நிமிடம்" என்பதை எடுத்துக்கொள்வோம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குள் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகும் அவற்றில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருக்கச் சொல்லித்தான் தயாரிப்பாளர்கள் டிரைவின் மேல் எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். எத்தனை நிமிடம் என்பது டிரைவின் அளவையும் வகையையும் பொறுத்தது. சிலவற்றில் 5 என்றிருக்கும், பெரியவற்றில் 15 அல்லது அதற்கும் மேல் இருக்கும். பயிற்றுநர் மேசையில் வைத்துக் காட்டிய சிறிய டிரைவுக்கு 5 நிமிடம் சரி. அவர் அதைச் சொன்னபோது டிரைவைக் கையால் தொட்டுக் காட்டியிருப்பார், "இதற்கு" என்றும் சொல்லியிருப்பார். குறிப்பில் அந்த "இதற்கு" காணாமல் போய், எண் மட்டும் நம் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. நம் கன்வேயரின் டிரைவில் 15 நிமிடம் என்று ஒட்டியிருந்தால், குறிப்பை நம்பியவர் பத்து நிமிடம் முன்னதாகவே உறையைத் திறப்பார்.

ஆகவே ஓர் எண்ணை எழுதும்போது அது எந்தப் பொருளுக்கு, எந்த நிலையில், எங்கே பார்த்து உறுதிசெய்வது என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். "டிரைவின் உறையில் ஒட்டியிருக்கும் நிமிடக் கணக்குவரை காத்திருக்கவும். பயிற்சியில் காட்டிய டிரைவுக்கு 5 நிமிடம். நம் 3ஆம் லைனில் 15 என்று இருக்கிறது. காத்திருந்த பிறகும் அளந்து பார்க்காமல் தொடக்கூடாது." வாக்கியம் நீளும். நீளட்டும். சுருக்கும்போது வெட்ட வேண்டியவை கதைகளும் பாராட்டுகளும்தான். நிபந்தனையை வெட்டினால் மிஞ்சும் விதி வேறொரு விதி.

அடுத்து வரிசை. காற்றை வெளியேற்றுவது, முட்டுக் கொடுப்பது என்ற இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் உண்மை. ஒட்டும் இயந்திரத்தின் அழுத்தத் தட்டைக் காற்றுச் சிலிண்டர்தான் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது என்றால் கதையே மாறிவிடும். முதலில் காற்றைத் திறந்துவிட்டால் தட்டு கீழே விழும். பூட்டுப் போட்ட பிறகு, கையைத் தட்டுக்கு அடியில் நீட்டாமல் பக்கவாட்டிலிருந்து தாங்கு கம்பியைச் செருகிவிட்டு, அதன் பின்னரே காற்றை வெளியேற்ற வேண்டும். பயிற்சி அறையில் இது செய்முறையாக நடப்பதால் வரிசை கண்முன் இருக்கும். எழுதும்போது நினைவுக்கு வந்த ஒழுங்கில் அடுக்கினால் வரிசை குலையும். எந்தப் படி எதற்கு முன் வர வேண்டும், மாறினால் என்ன ஆகும் என்பதை "ஏனென்றால்" என்ற ஒரு சொல்லோடு எழுதிவிட்டால் போதும். காரணம் தெரிந்தவர் வரிசையை மறக்கமாட்டார், புதிய இயந்திரத்திலும் அதையே தேடுவார்.

"சோதித்துப் பார்க்க வேண்டும்" என்ற வாக்கியத்தில் செய்பவரே இல்லை. லோட்டோவில் சோதனை என்பது இரண்டு வேலை. ஒன்று, எல்லாரும் விலகி நின்றபின் இயக்கும் பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று உறுதிசெய்து, பொத்தானை மறுபடி அணைப்பு நிலைக்குக் கொண்டுவருவது. பூட்டுப் போட்ட மெக்கானிக் இதைச் செய்யலாம். மற்றொன்று, மின்பெட்டியைத் திறந்து மின்னழுத்தம் இல்லை என்று அளப்பது. அது சார்ஜ்மேன் போன்ற தகுதிச் சான்றுள்ள மின்பணியாளரின் வேலை. அவர் முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் அளவுகருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூன்று கட்டங்களையும் ஒன்றுக்கொன்றும் நிலத்தோடும் அளப்பார். முடிந்ததும் கருவியை மறுபடியும் அதே மின்சாரமுள்ள இடத்தில் சோதிப்பார். இடையில் கருவி பழுதாகியிருந்தால் "பூஜ்யம்" என்ற காட்சி பொய்யாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தக் கடைசிச் சோதனை. குறிப்பில் ஆளைக் குறிப்பிடாவிட்டால் ஆர்வமுள்ள மெக்கானிக் ஒருவர் தாமே மின்பெட்டியைத் திறந்துவிடக்கூடும்.

"சிறிய அடைப்புகளுக்குப் பூட்டுத் தேவையில்லை" என்ற வரிதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. இது பயிற்றுநர் சொன்னதா, எழுதியவர் முடிவுசெய்ததா? லோட்டோ வகுப்புகளில் அமெரிக்காவின் 1910.147 என்ற விதியை அடிக்கடிக் காட்டுவார்கள். 1989இல் வெளியான அந்த விதியில் ஒரு விலக்கு உண்டு. உற்பத்தியின்போதே வழக்கமாக, திரும்பத்திரும்பச் செய்யும், அந்த உற்பத்திக்கு இன்றியமையாத சிறு சரிசெய்தல்களுக்கு மட்டும் அது பொருந்தும். அதுவும் பயனுள்ள பாதுகாப்புத் தரும் வேறு ஏற்பாடு இருந்தால்தான். வகுப்பில் இதைக் கேட்டவர் "சிறிய அடைப்பு" என்று சுருக்கிவிட்டார். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று படிப்பவர் அதை இன்னும் சுருக்கிக்கொள்வார். அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்துகிறது. மின்சாரமும் காற்றும் அங்கேயே நிற்கின்றன. வேறொருவர் வந்து பொத்தானை விடுவித்து இயக்கினால் இயந்திரம் ஓடும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். மலேசியாவில் நம்மைக் கட்டுப்படுத்துவது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தமும். அதன் கீழ் நம் தொழிற்சாலை எழுதி வைத்திருக்கும் செயல்முறைதான் அன்றாட வேலைக்கு ஆணை. வெளிநாட்டு விதி பயிற்றுநரின் எடுத்துக்காட்டு. எழுதியவரின் யோசனை யோசனை மட்டுமே. "பயிற்றுநர் சொன்னது", "நம் செயல்முறையில் உள்ளது", "என் யோசனை, பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டபின் முடிவு" என்று வரியின் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம். பயிற்சியில் கேட்டதும் நம் செயல்முறையும் முரண்பட்டால், குழுவில் போடுவதற்கு முன் பாதுகாப்பு அதிகாரியிடம் போக வேண்டும்.

சிலர் இவ்வளவு சிரமம் எதற்கு என்று பயிற்றுநரின் ஸ்லைடுகளை வரிசையாகப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஸ்லைடு பேசுபவருக்கான நினைவூட்டல். மேலே சொன்ன "இதற்கு", "ஏனென்றால்", "சார்ஜ்மேன்தான்" எதுவும் அதில் இருக்காது. அவற்றை அவர் வாயால் சொன்னார்.

இன்னொரு தவறு குறிப்பில் எழுதாமல் விடுவதில் இருக்கிறது. இதைப் படித்தவர் பூட்டுப் போடத் தகுதி பெற்றுவிட மாட்டார் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். நிறுவனம் பயிற்சி அளித்து அதிகாரம் கொடுத்தவர்தான் பூட்டுப் போடுவார். ஒருவருக்கு ஒரு பூட்டு, சாவி அவரிடமே. போட்டவர்தான் எடுக்க வேண்டும். ஆபரேட்டருக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: பூட்டு தொங்கும்போது இயக்க முயலாதீர்கள், பூட்டையும் அட்டையையும் தொடாதீர்கள், சந்தேகம் என்றால் அட்டையில் பெயருள்ளவரைக் கூப்பிடுங்கள். இதைத் தனிப் பகுதியாக எழுதினால் ஆபரேட்டர் மற்றதைப் படித்துத் தானும் செய்யலாம் என்று நினைக்கமாட்டார்.

அதே குறிப்பைத் திருத்தி எழுதினால், 3ஆம் லைன் பகுதி இப்படி வரும்:

"இதைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. ஒட்டும் இயந்திரத்துக்கு ஆற்றல் மூன்று வழியில் வருகிறது: ஐசோலேட்டர் சுவிட்ச் வழியாக மின்சாரம், பின்புற வால்வு வழியாகக் காற்று, தூக்கி நிற்கும் தட்டின் எடை. வேலை தொடங்குவதை ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, இயந்திரத்தை வழக்கமான பொத்தானால் நிறுத்தவும். ஐசோலேட்டரை அணைத்துப் பூட்டவும். வால்வை மூடிப் பூட்டவும். தட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து தாங்கு கம்பி செருகவும், ஏனென்றால் காற்று போனதும் தட்டு விழும். பிறகு காற்றை வெளியேற்றி அழுத்தமானியில் பூஜ்யம் பார்க்கவும். எல்லாரும் விலகி நின்றபின் மெக்கானிக் இயக்கும் பொத்தானை அழுத்திச் சோதித்து, அணைப்பு நிலைக்குத் திருப்புவார். மின்பெட்டியையோ டிரைவையோ திறக்க வேண்டுமானால், டிரைவின் உறையில் ஒட்டியிருக்கும் 15 நிமிடம் கழித்துச் சார்ஜ்மேன் அளப்பார்."

இதை அன்று மாலையே எழுதிவிடுவது நல்லது. உடன் வந்தவரிடம் எண்களையும் வரிசையையும் சரிபார்க்கச் சொல்லலாம். அதன் பிறகு, பயிற்சிக்கு வராத ஒருவரிடம் கொடுத்து இயந்திரத்தின் முன் நிறுத்தி, "மின்சாரத்தை எங்கே துண்டிப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் விரல் அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டினால் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டும். "காற்றுக்கு முன் என்ன?" என்று கேட்டால் தாங்கு கம்பியைக் காட்ட வேண்டும். நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்த ஆபரேட்டர்கள் இருக்கும் லைன்களில் ஆபரேட்டர் பகுதியை எழுத்தில் மட்டும் விட்டுவிடக்கூடாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து, பூட்டைக் கையில் பிடித்துக் காட்டி இயந்திரத்தின் அருகிலேயே சொல்ல வேண்டும்.