ஏபிஎஸ்ஸா, சிபிஎஸ்ஸா? 125 சிசி பைக் வாங்கும் முன் நீங்களே பார்த்து முடிவு செய்வது எப்படி

ஒரே பைக், ஒரே இன்ஜின், ஆனால் பிரேக் மட்டும் இரண்டு வகை: சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ், முன் பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ். 125 சிசி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் 2024 ஜனவரியில் வந்தபோது ஐபிஎஸ் என்று ஹீரோ அழைக்கும் சிபிஎஸ் வகை 95,000 ரூபாய், ஏபிஎஸ் வகை 99,500 ரூபாய் (டெல்லி எக்ஸ்-ஷோரூம்). அந்த 4,500 ரூபாய்க்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், "சேஃப்டி சார்" என்பதைத் தாண்டி ஷோரூமில் பதில் வராது.

சட்டம் இதுதான்: 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125-ம் அதற்குக் கீழும் என்றால் ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ், ஏதாவது ஒன்று போதும். ஏறக்குறைய எல்லாப் புது இருசக்கர வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று 2025-இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. வரைவு எப்படிப் போனாலும், பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் பல வருடம் இருக்கும்.

முதலில், இரண்டும் வேறு வேறு வேலை

சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பு. ஸ்கூட்டரில் இடது லீவர், பைக்கில் கால் மிதி. முன் லீவரைப் பிடித்தால் முன் சக்கரம் மட்டும்தான். இதில் சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஹீரோ இதை ஐபிஎஸ் என்கிறது, டிவிஎஸ் எஸ்பிடி என்கிறது, யமஹா யுபிஎஸ் என்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஏபிஎஸ் என்பது சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுற்றாமல் நின்று வழுக்காமல் தடுப்பது. சக்கரத்தோடு சுற்றும் துளை போட்ட ஒரு வளையத்தைச் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் வேகம் திடீரென்று விழுந்தால் லாக் ஆகப் போகிறது என்று புரிந்துகொண்டு, அந்தச் சக்கரத்தின் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு மூலம் விட்டுவிட்டுப் பிடிக்கும். ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும்.

ஆக, சிபிஎஸ் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவருக்கு உதவி. ஏபிஎஸ் முன் பிரேக்கை அளவுக்கு மீறி அமுக்கிவிடுகிறவருக்கு உதவி. நீங்கள் யார் என்று தெரியாமல் காசு கொடுக்கக் கூடாது. அதனால் முதல் ஸ்டெப் ஷோரூமில் இல்லை.

ஸ்டெப் 1: இப்போது எதை வைத்து நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு வாரம் கவனியுங்கள். குறுக்கே நாய் வந்தால் முதலில் கால் போகிறதா, வலது கை போகிறதா? "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கால்தான் போகும்.

அதில் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கு போடலாம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. அதனால் காய்ந்த தார் ரோட்டில்கூடப் பின் பிரேக் மட்டும் பிடித்தால், நொடிக்கு 3 மீ/நொடி வேகம் குறைந்தாலே அதிகம். இரண்டையும் சரியாகப் பிடித்தால் 6 மீ/நொடி சாதாரணமாக வரும். 60 கிமீ வேகத்தில் போகிறீர்கள் என்றால் பின் பிரேக் மட்டும் 46 மீட்டர் எடுக்கும், இரண்டும் சேர்ந்தால் 23 மீட்டர். இரண்டையும் பிடித்தவர் நின்றுவிட்ட அதே இடத்தைக் காலை மட்டும் நம்பியவர் இன்னும் சுமார் 42 கிமீ வேகத்தில் தாண்டுகிறார். பிரேக் பிடிக்க யோசித்த நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

ஸ்டெப் 2: சிங்கிள் சேனலா, டூயல் சேனலா?

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிரோஷரில் "ஏபிஎஸ்" என்று பெரிதாக இருக்கும். "சிங்கிள் சேனல்" என்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். நம் ஊரில் சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ். பின் சக்கரம் பழைய மாதிரியே லாக் ஆகும், வால் ஆட்டும். பின்னால் டிரம் பிரேக் இருக்கிறதா? அப்படியானால் அந்தச் சக்கரத்துக்கு ஏபிஎஸ் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டெப் 1-ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள். 125 சிசியில் ஏபிஎஸ் வகை எடுக்கிறீர்கள், அது சிங்கிள் சேனல். ஏபிஎஸ் இருப்பதால் சட்டப்படி சிபிஎஸ் தேவையில்லை, அதனால் கால் மிதி பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும்படி விட்டிருக்கலாம். நீங்களோ காலால் மட்டும் நிறுத்துகிறவர். அவசரத்தில் மிதியை ஓங்கி மிதிக்கிறீர்கள், முன் லீவரைத் தொடவே இல்லை. அந்த 4,500 ரூபாய் ஏபிஎஸ் அங்கே ஒரு வேலையும் செய்யாது. அதே இடத்தில் விலை குறைந்த சிபிஎஸ் வகை முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

இதனால் சிபிஎஸ் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் முன் லீவரை இழுத்துவிட்டால் சிபிஎஸ் வேடிக்கைதான் பார்க்கும். முன் சக்கரம் லாக் ஆனால் பைக்கை நிமிர்த்த நேரமே கிடைக்காது. மிதியை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சிபிஎஸ் வண்டியிலும் லாக் ஆகும். என் அபிப்பிராயம்: முன் பிரேக் பழகியவர், அல்லது பழகத் தயாராக இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஏபிஎஸ் எடுக்கலாம். வீட்டில் அப்பா, தம்பி என்று மூன்று பேர் ஓட்டும் வண்டி, மூவருமே காலை நம்புகிறவர்கள், மாற்றிக்கொள்ளவும் மாட்டார்கள் என்றால் சிபிஎஸ் வகை அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். பட்ஜெட் ஏறினால் டூயல் சேனல். அப்போது இந்தக் குழப்பமே இல்லை.

ஸ்டெப் 3: வண்டியில் கண்ணால் பார்ப்பது

முன் டிஸ்க்கின் உள்பக்கம், ஹப் அருகே பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக உள்ள மெல்லிய வளையமும், அதை ஒட்டி ஒயரோடு ஒரு சென்சாரும் இருந்தால் ஏபிஎஸ். டிஸ்க்கிலேயே இருக்கும் பெரிய துளைகள் வேறு, அவை ஏபிஎஸ் இல்லாத டிஸ்க்கிலும் உண்டு. பின் சக்கரத்தில் சென்சார் இருந்தாலே டூயல் சேனல் என்று முடிவு கட்டாதீர்கள். வேகத்தை ஒப்பிட மட்டும் பின்னால் சென்சார் வைக்கும் சிங்கிள் சேனல் பைக்குகளும் உண்டு. ஸ்பெக் ஷீட்டில் எழுத்தில் இருந்தால்தான் டூயல்.

சிபிஎஸ் சோதிக்க சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். இன்ஜின் ஆஃப். முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். முன் சக்கரம் நிற்க வேண்டும். லேசாகப் பிடித்தால் நிற்காது, பின் பிரேக் கொஞ்சம் பிடித்த பிறகுதான் முன்னால் போகும், அது சரிதான்.

பழைய ஸ்கூட்டரில் இந்தச் சோதனையை விடவே கூடாது. பின் டிரம் தேய்ந்ததும் பின்னால் உள்ள நட்டை மட்டும் டைட் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். முன்னால் போகும் கேபிள் தொளதொளவென்று கிடக்கும், சிபிஎஸ் பெயரளவில் இருக்கும். சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கும்போதும் இதே மாதிரி பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஸ்டெப் 4: ஏபிஎஸ் விளக்கு

சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். நிற்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். வண்டி நகர்ந்து 5 அல்லது 10 கிமீ வேகம் தொட்டதும் அணையும். நின்ற வண்டியில் எரிவதைப் பார்த்து "ரிப்பேர்" என்று பேரம் பேச வேண்டாம்.

பழைய வண்டியில் பயப்பட வேண்டியது வேறு. சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம். ஓடும்போதும் அணையவில்லை என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் மட்டும் பிடிக்கும். காரணம் பெரும்பாலும் சென்சாரில் அப்பிய சேறு, அறுந்த ஒயர், பஞ்சர் போடும்போது வளைந்த வளையம். வளையத்தைச் சுத்தம் செய்ய எனக்குப் பிடித்தது பழைய டூத் பிரஷ்தான். வாட்டர் வாஷ் கன்னைச் சென்சார் பக்கத்தில் காட்டாதீர்கள்.

ஸ்டெப் 5: ஏபிஎஸ்ஸைக் கையில் உணர்ந்து பாருங்கள்

ஆளில்லாத, காய்ந்த, நேரான தார் ரோடு. மணல் இருக்கக் கூடாது. 30 கிமீ வேகம், ஹேண்டில் நேராக. டூயல் சேனல் என்றால் முதலில் பின் மிதியை நன்றாக மிதியுங்கள். காலுக்கடியில் டக்டக்கென்று துடிக்கும். முன் லீவரை ஒரே இழுப்பாக இல்லாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். லீவர் விரலைத் திருப்பித் தள்ளும். அப்போது கையை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். அவசரத்தில் அந்தத் துடிப்பைக் கண்டு பிரேக்கை விட்டால் ஏபிஎஸ் இருந்தும் வண்டி நிற்காது. புது வண்டி எடுத்த முதல் வாரத்திலேயே இதைப் பழகிவிடுங்கள்.

சாய்ந்து வளையும்போது சோதிக்க வேண்டாம். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. தளர்ந்த ஜல்லியிலும் மணலிலும் ஏபிஎஸ் இருந்தால் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம்.

பிற்சேர்க்கை 1: சென்டர் ஸ்டாண்டில் போட்டு கியரில் முறுக்கியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. சாவியை அணைத்துப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர்.

பிற்சேர்க்கை 2: சிபிஎஸ் வண்டியில் பிறகு ஏபிஎஸ் போட முடியுமா என்று கேட்கிறார்கள். சென்சார், வளையம், வால்வும் கம்ப்யூட்டரும் சேர்ந்த யூனிட், ஒயரிங் எல்லாம் அந்த வண்டிக்கென்றே அமைத்தவை. வெளியில் மாட்டிக்கொள்ளும் சாமான் இல்லை. பிரேக் ஹோஸில் திருகும் சின்ன உருளையை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு "ஏபிஎஸ்" என்று விற்கிறார்கள். அதில் சென்சாரே கிடையாது, சக்கரம் லாக் ஆகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைப் பொருத்தப் பிரேக் லைனைப் பிரித்தால் உள்ளே காற்று ஏறி, இருக்கிற பிரேக்கும் போகும். வாங்காதீர்கள்.