விரைந்து பிழை சொல்லும் சர்வர்: லோட் பேலன்சர் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுத் தரும் லோட் பேலன்சருக்கு, முற்றிலும் நின்றுபோன சர்வரைக் கண்டுபிடிப்பது கடினமன்று. இயங்கிக்கொண்டே, வரும் கோரிக்கைகளுக்கெல்லாம் பிழையைத் திருப்பியனுப்பும் சர்வர்தான் அதை ஏமாற்றிவிடுகிறது. அப்படி ஏமாறுவதற்கு, பங்கிடும் முறையும், சர்வர் நலமாக உள்ளதா என்று அவ்வப்போது சோதிக்கும் ஹெல்த் செக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் அமைக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாகிறது.

நான்கு சர்வர்களுக்கு வினாடிக்கு 1000 கோரிக்கைகள் வருவதாகவும், ஒவ்வொரு கோரிக்கையும் 100 மில்லிவினாடியில் முடிவதாகவும் கொள்வோம். ரவுண்ட் ராபின் முறை கோரிக்கைகளை வரிசைப்படி மாற்றி மாற்றித் தருவதால் ஒவ்வொரு சர்வருக்கும் 250 கிடைக்கும். லீஸ்ட் கனெக்ஷன் முறையோ, அந்தக் கணத்தில் எந்தச் சர்வரில் முடியாத கோரிக்கைகள் மிகக் குறைவோ அதற்கே அடுத்ததை அனுப்பும். நான்கும் நலமாக இருக்கும்வரை இரண்டு முறைகளின் விளைவும் ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் சுமார் 25 கோரிக்கைகள் நடப்பில் இருக்கும்.

இப்போது நான்காவது சர்வரில் மட்டும் டேட்டாபேஸ் கடவுச்சொல் தவறாகப் பதிந்துவிட்டது. இணைப்பு கிடைக்காததால் அது 2 மில்லிவினாடியிலேயே 500 என்ற பிழையைத் திருப்பிவிடுகிறது. ரவுண்ட் ராபினில் கால் பங்குப் பயனர்கள் பாதிக்கப்படுவார்கள். லீஸ்ட் கனெக்ஷனில், மற்றவை ஒரு கோரிக்கையை முடிப்பதற்குள் இது ஐம்பதை முடித்துவிட்டு எப்போதும் ஓய்வாக இருப்பதுபோல் தோன்றும். ஆகவே 1000 கோரிக்கைகளில் ஏறத்தாழ 940 இதனிடமே போய்ச் சேரும். சராசரி மறுமொழி நேரமும் 100 மில்லிவினாடியிலிருந்து சுமார் 8 ஆக இறங்கிவிடுவதால், வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் முன்னைவிட நன்றாக நடப்பதாகவே தெரியும். சர்வர்வாரியாகப் பிழை எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே உண்மை வெளிப்படும்.

இதற்காக லீஸ்ட் கனெக்ஷனைக் கைவிட வேண்டியதில்லை. பதிலே சொல்லாமல் உறைந்துபோகும் சர்வரில் முடியாத இணைப்புகள் குவிவதால், அதைத் தானாக ஒதுக்கும் நல்ல குணம் அந்த முறைக்கு உண்டு. இங்கே தவறு ஹெல்த் செக்கில் இருக்கிறது. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதோ, எப்போதும் 200 தரும் ஒரு நிலையான பக்கத்தைக் கேட்பதோ நான்காவது சர்வரை ஒருபோதும் பிடிக்காது.

இந்த அனுபவத்துக்குப் பின் பலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள்: ஒவ்வொரு சோதனையின்போதும் டேட்டாபேஸில் ஒரு வினவலை ஓட்டச் செய்கிறார்கள். டேட்டாபேஸ் நான்குக்கும் பொதுவானது. அது சில வினாடிகள் திணறினால் நான்கு சோதனைகளும் சேர்ந்தே தோற்று, எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் விலக்கப்படும். டேட்டாபேஸ் தேவைப்படாத பக்கங்கள்கூட 503 ஆகிவிடும். இது முதல் தவறைவிட மோசமானது என்பது என் கருத்து, ஏனெனில் சிறு தாமதத்தை நாமே முழு நிறுத்தமாக மாற்றிவிடுகிறோம். Envoy என்ற லோட் பேலன்சர் இதை முன்கூட்டியே கருதி, நலமான சர்வர்கள் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சோதனை முடிவுகளைப் புறக்கணித்து எல்லாவற்றுக்கும் பங்கிடுகிறது. எல்லாக் கருவிகளிலும் இந்தப் பாதுகாப்பு இயல்பாக இருக்குமென்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே சோதனைப் பக்கம் அந்தச் சர்வருக்கே உரிய கோளாறுகளை மட்டும் கேட்க வேண்டும். ‘தொடங்கிய பிறகு ஒருமுறையாவது டேட்டாபேஸ் இணைப்பு கிடைத்ததா’ என்ற கேள்வி, தவறான கடவுச்சொல்லோடு எழுந்த சர்வரைத் தடுத்துவிடும்; பின்னர் வரும் பொதுத் திணறலுக்காக எவரையும் விலக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் கெடும் சர்வரை இது பிடிக்காது என்பதால், சர்வர்வாரிப் பிழை எச்சரிக்கையும் உடன் தேவை.

அந்தச் சோதனைப் பக்கத்தின் முகவரி /ready என்று கொண்டால், HAProxy என்ற லோட் பேலன்சரில் இவ்வாறு எழுதலாம்:

```
backend app
    balance leastconn
    option httpchk GET /ready
    default-server check inter 2s fall 3 rise 2 slowstart 30s
    server s1 10.0.0.11:8080
    server s2 10.0.0.12:8080
    server s3 10.0.0.13:8080
    server s4 10.0.0.14:8080
```

இரண்டு வினாடிக்கு ஒருமுறை சோதித்து, தொடர்ந்து மூன்று முறை தோற்றால் சர்வர் விலக்கப்படும். அதாவது ஒரு சர்வர் திடீரென்று நின்றுபோனால், ஆறு வினாடிகள் வரை அதற்குக் கோரிக்கைகள் போய்க்கொண்டிருக்கலாம். இதைக் குறைக்க `fall 1` என்று வைத்தால், ஒரேயொரு சோதனை தற்செயலாகத் தோற்றாலும் நல்ல சர்வர் வெளியேற்றப்படும். ஒன்று வெளியேறியதும் எஞ்சிய மூன்றின் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஏற்கெனவே 80 விழுக்காட்டுத் திறனில் ஓடியவை 107-ஐத் தொட்டுத் தாங்களும் விழத் தொடங்கும். நான்கில் ஒன்றை இழந்தும் நிற்க வேண்டுமானால் வழக்கமான சுமை 75 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

`slowstart 30s` என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழுது நீங்கித் திரும்பும் சர்வரில் இணைப்பு எதுவும் இல்லாததால், லீஸ்ட் கனெக்ஷன் முறை வருகிற கோரிக்கைகளையெல்லாம் அதன்மேல் கொட்டும். கேஷ் இன்னும் நிரம்பாத சர்வர் அந்த வெள்ளத்தில் மறுபடியும் சோதனையில் தோற்று, விலகுவதும் திரும்புவதுமாகவே இருக்கும். மேற்கண்ட வரி அதன் பங்கை முப்பது வினாடிகளில் படிப்படியாக உயர்த்துகிறது. கேஷ் நிரம்ப அதற்கு மேலும் நேரம் பிடித்தால் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.