"சக ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்": கல்வி விடுப்பு விண்ணப்பத்தைக் கவிழ்க்கும் வரி

போன வாரம் எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் கல்வி விடுப்பு விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். கடைசிப் பத்தியில் "எனது வகுப்புகளைச் சக ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த அதே வரி. பெயர் எழுத்துப்பிழை, தேதி விட்டுப்போனது மாதிரி விஷயங்களை யாராவது திருத்திவிடுவார்கள். இந்த வரியை யாரும் திருத்துவதில்லை, படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அதுதான் எரிச்சல்.

நோக்கம்: "மேற்படிப்புக்காக" போதாது

என்ன வேலை, எந்த நிலையில் இருக்கிறது, விடுப்பு முடியும்போது கையில் என்ன இருக்கும் என்ற மூன்றும் வேண்டும். "முனைவர் பட்ட ஆய்வின் தரவு சேகரிப்பு முடிந்தது, ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும்" என்றால் எத்தனை மாதம் நியாயம் என்று முதல்வரே கணக்குப் போட்டுக்கொள்வார். நெறியாளரின் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.

காலம்: "சுமார் ஐந்து மாதம்" என்று எழுதாதீர்கள்

ஜூலை 1 முதல் நவம்பர் 30 வரை, 153 நாட்கள், டிசம்பர் 1 பணியில் சேர்வேன். அவ்வளவுதான்.

மாற்று ஏற்பாடு: இங்கேதான் எல்லோரும் விழுகிறோம்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வறையில் எல்லோரும் "போய்ட்டு வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றார்கள். அதை நம்பி எழுதினேன், விடுப்பும் கிடைத்தது. தியரி வகுப்புகளை எப்படியோ ஓட்டினார்கள். ஆய்வக வகுப்பு மட்டும் மூன்று வாரம் நடக்கவே இல்லை. தொடர்ந்து மூன்று பாடவேளை ஓய்வாக இருந்தவர் யாருமில்லை. முதல் உள்தேர்வுக்கு வினாத்தாள் தயாராகவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் எடுப்பார் என்று இருந்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? யார் பெயரையும் நான் எழுதவில்லையே. பாதி விடுப்பில் என்னைத் திரும்ப அழைத்தார்கள். எழுதிக்கொண்டிருந்த இயல் அப்படியே நின்றது.

அதனால் அந்த இளம் விரிவுரையாளரை உட்காரவைத்து, கால அட்டவணையை விரித்தேன். அவருக்கு வாரம் 16 வேளை. இரண்டு பாடங்கள், தலா ஐந்து. இரண்டு ஆய்வக அணிகள், தலா மூன்று. துறையில் மற்ற ஐந்து பேருக்கும் ஏற்கெனவே 16 வேளை இருக்கிறது. எங்கள் கல்லூரியில் 18-க்கு மேல் தருவதில்லை. ஆக, ஐந்து பேரிடமும் சேர்த்து மிச்சம் 10 வேளைதான். "சக ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற வரி கூட்டல் கணக்கிலேயே பொய்யாகிவிட்டது. அந்தப் பத்தும் ஆளுக்கு இரண்டாகச் சிதறிக் கிடப்பதால் ஆய்வகத்துக்கு உதவாது.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். ஆய்வகத்தின் ஆறு வேளையும் ஒரு பாடத்தின் ஐந்து வேளையும் சேர்த்து 11. இதற்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டார். தனியாகப் பிறகு கேட்டால், ஆள் வருவதற்குள் பருவத்தில் பாதி போய்விடும். மற்றப் பாடத்தை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். இருவர் வாரம் இரண்டு வேளை வீதம் ஆளுக்கு இரண்டு அலகு, மூன்றாமவர் வாரம் ஒரு வேளை கடைசி அலகு.

அப்புறம், வகுப்போடு வேலை முடியவில்லை. உள்தேர்வு வினாத்தாள், அகமதிப்பெண் பதிவு, செயல்திட்ட மாணவர்கள் நால்வர், வகுப்பாசிரியர் பொறுப்பு: ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். "இருவரும் சேர்ந்து" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார், அடித்துவிட்டேன். அகமதிப்பெண்ணில் கையெழுத்திடுபவர் நிரந்தர ஆசிரியராக இருக்கட்டும் என்றேன்; கௌரவ விரிவுரையாளர் பருவ நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் பதிவேடு அந்தரத்தில் தொங்கும்.

இதையெல்லாம் ஒரு பக்க அட்டவணையாக்கி, பொறுப்பேற்பவர்களின் கையெழுத்தோடு இணைத்தார். கடிதத்தில் அந்தப் பழைய வரி இருந்த இடத்தில் இப்போது இருப்பது இது: "எனது 16 பாடவேளைகளுக்கும் பிற பொறுப்புகளுக்குமான மாற்று ஏற்பாடு, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலுடன் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றில் 11 வேளைகளுக்குக் கௌரவ விரிவுரையாளர் ஒருவரை அனுமதிக்க வேண்டுகிறேன்."

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் இரண்டு பேர் "செவ்வாய்க்கிழமை மட்டும் முடியாது" என்றார்களாம். ஓய்வறையில் அதை யாரும் சொல்லவில்லை.

பருவத்தின் நடுவில் தொடங்கும் விடுப்பு

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால், எந்த அலகு வரை நடத்தினீர்கள் என்று அட்டவணையில் ஒரு பத்தி சேருங்கள்.

முதல்வருக்கு நேரே அனுப்புவது

துறைத்தலைவர் வழியாக அனுப்புங்கள். நேரே போனாலும் அது என் மேசைக்குத்தான் திரும்பி வரும், ஒரு வாரம் கழித்து.