ஆஃபர் லெட்டரில் பெயரோ தேதியோ தவறாக இருந்தால்: திருத்தம் கேட்கும்போது தவிர்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் ஆஃபர் லெட்டர்களில் பெயர் பிசகுவதற்கு, மற்ற ஊர்களில் அவ்வளவாகக் காணாத ஒரு காரணம் உண்டு. இங்கே பல குடும்பங்களில் இனிஷியல் ஓரெழுத்தாக நிற்பதில்லை. அப்பச்சியின், அதாவது தந்தையின், பெயர் அழகப்பன் என்றால் AL, ராமநாதன் என்றால் RM, பழனியப்பன் என்றால் PL என்று இரண்டெழுத்தாக எழுதுவதே வழக்கம். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து கடிதம் தயாரிக்கும் எச்.ஆர். அலுவலருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் AL என்பதைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணி A என்று சுருக்கிவிடலாம், அல்லது அதுவே பெயரின் ஒரு பகுதி என்று எண்ணி முன்னால் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

காரைக்குடியைச் சேர்ந்த வள்ளியம்மை என்ற பட்டதாரிக்குச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ்களிலும் ஆதாரிலும் அவர் பெயர் VALLIAMMAI AL. பான் அட்டையில் மட்டும், அந்த விண்ணப்பம் குடும்பப் பெயருக்கான இடத்தில் இனிஷியலை ஏற்காததால், VALLIAMMAI ALAGAPPAN என்று விரிவாக இருக்கிறது. கடிதத்தில் வந்திருப்பதோ VALLIAMMAL A. பணியில் சேரும் தேதி 08/10/2026 என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் தேர்வானபோது பேசி முடித்தது ஆகஸ்ட் 10.

இந்த நிலையில் பலர் செய்யும் முதல் தவறு, பார்த்த உடனே “என் பெயரும் தேதியும் தவறாக உள்ளன, திருத்தித் தரவும்” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவது. பெறுபவருக்கு எது தவறு, எது சரி, எந்த ஆவணத்தின்படி சரி என்று எதுவும் தெரியாது. அவர் திரும்பக் கேட்க வேண்டும், நீங்கள் பதில் எழுத வேண்டும், அதற்குள் கடிதத்தை ஏற்பதற்கான கெடு நெருங்கிவிடும். எழுதுவதற்கு முன்பு, விண்ணப்பப் படிவத்தில் நீங்களே பெயரை எப்படித் தட்டியிருந்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் கடிதத்துக்குப் பெயர் போகிறது. பிழை உங்கள் படிவத்திலேயே இருந்தால் அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கடிதத்தை மட்டும் திருத்திப் படிவத்தை விட்டுவிட்டால் அடுத்து வரும் தாளிலும் அதே பிழை வந்து நிற்கும்.

தேதியில் அவசரம் இன்னும் ஆபத்தானது. 08/10/2026 என்பதை நம் வழக்கப்படி படித்தால் அக்டோபர் 8. அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் ஆகஸ்ட் 10, அதாவது பேசிய தேதியேதான். எந்த முறை என்பதைக் கடிதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியும். கடிதத்தின் தலைப்பில் 07/15/2026 என்று இருந்தால், பதினைந்தாம் மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால், மாதம் முதலில் வருகிறது என்பது உறுதி. அப்போது “தேதி தவறு” என்று எழுதுவது நம் பிழையாகிவிடும். “பணியில் சேரும் நாள் 2026 ஆகஸ்ட் 10, திங்கள்கிழமை என்று புரிந்துகொள்கிறேன், உறுதிப்படுத்தவும்” என்று மாதத்தின் பெயரோடும் கிழமையோடும் கேட்டாலே போதும்.

தேதி உண்மையாகவே பிசகியிருக்கிறதா, அல்லது நமக்கு அந்தத் தேதி ஒத்துவரவில்லையா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் பிந்தைய மின்னஞ்சலில் ஆகஸ்ட் 10 என்று எழுதியிருந்து, கடிதத்தில் ஆகஸ்ட் 3 என்று வந்தால் அது எழுத்துப் பிழை. அந்த மின்னஞ்சலைச் சுட்டினால் எச்.ஆர். அலுவலரே திருத்திவிடுவார். ஆனால் பழைய நிறுவனம் விடுவிக்கத் தாமதமாகிறது, அல்லது வீட்டில் கல்யாணம் என்பதற்காகத் தேதியைத் தள்ளக் கேட்பது கோரிக்கை. அதற்குப் பெரும்பாலும் துறை மேலாளரின் ஒப்புதல் வேண்டும். கோரிக்கையைத் “தவறு” என்ற பெயரில் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். பெயர்த் திருத்தத்தோடு சேர்த்து அனுப்பினால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய அந்தத் திருத்தமும் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே முறை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், பழைய இடத்தின் கடைசி நாளுக்குப் பிறகே புதிய தேதி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இரண்டு வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பின்னாளில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பெயருக்கு எந்த ஆவணத்தை ஆதாரமாகக் காட்டுவது என்பதிலும் தடுமாற்றம் வரும். வள்ளியம்மையைப் போல ஆதாரில் ஒன்றும் பானில் வேறொன்றும் இருப்பவர்கள், இரண்டையும் இணைத்துவிட்டு “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடக் கூடாது. வைப்பு நிதிக்கான யுஏஎன் எண் ஆதாரில் உள்ள பெயரோடுதான் ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஆதாரின்படி திருத்தக் கேட்டு, பானில் அதே இனிஷியல் விரிவாக இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நிறுவனம் பானின்படிதான் எழுதுவோம் என்றால், அது அவர்கள் நடைமுறை. அதில் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஆதார் நகலை அனுப்பும்போது முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தையே அனுப்புங்கள்.

கடிதம் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, அதை அனுப்பியவருக்கே எழுத வேண்டும். அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் மச்சானை விட்டுச் சொல்லச் சொல்வது நம் ஊரில் இயல்பாக வரும் யோசனை. அவர் சொன்னதற்கு எழுத்தில் எந்தத் தடமும் இராது. வாட்ஸப்பும் தொலைபேசியும் நினைவூட்டுவதற்கு மட்டுமே உதவும். மின்னஞ்சலின் உடல் இவ்வளவு இருந்தால் போதும்:

“வணக்கம். பணி வாய்ப்புக் கடிதம் கிடைத்தது, நன்றி. அதில் என் பெயர் VALLIAMMAL A என்று உள்ளது. ஆதாரின்படி VALLIAMMAI AL என்று இருக்க வேண்டும். VALLIAMMAI என்பதன் கடைசி எழுத்து L அல்ல, I. AL என்பது என் தந்தை பெயரின் இரண்டெழுத்து இனிஷியல். முதல் பக்கத்திலும் சம்பள விவரப் பக்கத்திலும் கையொப்ப இடத்திலும் இதே பிழை உள்ளது. பணியில் சேரும் நாள் 2026 ஆகஸ்ட் 10, திங்கள்கிழமை என்று புரிந்துகொள்கிறேன், உறுதிப்படுத்தவும். திருத்திய கடிதத்தை அனுப்பக் கோருகிறேன். மற்ற நிபந்தனைகள் எனக்குச் சம்மதம்.”

கடைசி வாக்கியம் வெறும் மரியாதைக்காக அல்ல. திருத்தம் வருவதற்குள் கெடு முடிந்துவிட்டால், நீங்கள் வேலையை மறுக்கவில்லை என்பதற்கு அதுவே சான்றாக நிற்கும். கெடு மறுநாளே என்றால், அதை நீட்டித் தரும்படியும் அதிலேயே கேட்டுவிடலாம். பிழையுள்ள தாளில் பேனாவால் அடித்துத் திருத்திக் கையெழுத்திடுவதும், பிடிஎஃப் கோப்பைத் தாமே மாற்றி எழுதுவதும் கூடவே கூடாது. இரண்டாவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஆவணத்தைத் திருத்திய குற்றமாகப் பார்க்கப்படலாம்.

திருத்திய கடிதம் வந்ததும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், சம்பள விவரப் பக்கத்தையும் கையொப்ப இடத்தையும் பாருங்கள்; ஓரிடத்தில் மாற்றி மற்ற இடங்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. சம்பளத் தொகையும் பதவிப் பெயரும் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்பதையும் ஒப்பிடுங்கள். நிறுவனத்தின் பதிவிலும் பெயர் மாறிவிட்டதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அலுவலக மின்னஞ்சல் முகவரியும் அடையாள அட்டையும் அந்தப் பதிவிலிருந்துதான் உருவாகின்றன.