10,000 பவர் பேங்கில் போன் ஏன் இரண்டு முறை ஏறுவதில்லை?

பவர் பேங்கின் மேல் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. போன் பேட்டரி 5,000. அப்படியானால் இரண்டு முறை முழுதாக ஏற வேண்டுமே என்று நானும் கணக்குப் போட்டு ஏமாந்திருக்கிறேன்.

அந்த 10,000 பொய் இல்லை. ஆனால் அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. யுஎஸ்பி வழியாக வெளியே வருவது பொதுவாக 5 வோல்ட். அதனால் எம்ஏஎச்சை விட்டுவிட்டு, மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட் அவரில் பாருங்கள்: 10,000 எம்ஏஎச் என்றால் 10 ஆம்பியர் அவர்; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் அவர். வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட்டிலும் கேபிளிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். பவர் பேங்க் கையில் சுடுகிறதே, அதுதான் அந்த நஷ்டம். கடைசியில் வெளியே வருவது 30 வாட் அவர் அளவுதான்.

போனின் 5,000 எம்ஏஎச் பேட்டரி சுமார் 19 வாட் அவர். போனுக்குள்ளும் சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் போல வீணாகும். ஆக 30-இல் மிஞ்சும் 27-ஐ 19-ஆல் வகுத்தால் 1.4 முறை. வயர்லெஸ்ஸில் ஏற்றினால் இன்னும் குறையும்.

வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று இருப்பதைத் தேடுங்கள். 10,000-க்கு 5 வோல்ட்டில் 6,000 சொச்சம் இருந்தால் சரி. சோதிக்க, போனை அணைத்து வைத்து ஏற்றுங்கள். புதிய பவர் பேங்க் மொத்தம் 100 சதவீதம்கூட ஏற்றவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.