ஃபண்ட் மாற்றம்: இரண்டு மாத அவசரத்துக்கு 12,000 ரூபாய்

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பத்து மாதத்துக்கு முன் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மொத்தமாக 3,00,000 ரூபாய் போட்டார். இப்போது அது 3,45,000. அதே நிறுவனத்தின் வேறொரு ஃபண்ட் வருஷத்துக்கு 2 சதவீதம் கூடுதலாகத் தரும் என்று நம்பி, ஸ்விட்ச் பண்ணத் தயாராகிவிட்டார். "காசு என் அக்கவுண்டுக்கே வர்ல, அப்புறம் இன்னாத்துக்குப்பா வரி?" என்றார்.

முதல் தவறு அதுதான். ஒரே நிறுவனத்துக்குள் மாற்றினாலும் வருமான வரிக் கணக்கில் அது விற்பனைதான். விற்று, புதிதாக வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சீக்கிரம் வெளியேறினால் ஃபண்ட் பிடிக்கும் கட்டணம்தான் எக்ஸிட் லோடு. அதை லாபத்துக்கு மட்டும் கணக்குப் போட்டது அடுத்த தவறு. 45,000-க்கு 1 சதவீதம், 450 ரூபாய் என்று நினைத்திருந்தார். லோடு எடுக்கும் முழுத் தொகைக்கும் உண்டு. நஷ்டத்தில் வெளியேறினாலும் பிடிப்பார்கள். அவர் ஃபண்டில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம். ஆக 3,450 ரூபாய். அதைக் கழித்தால் லாபம் 41,550. குறுகிய கால வரி 20 சதவீதம், செஸ்ஸோடு 20.8. சுமார் 8,640 ரூபாய். மொத்தச் செலவு 12,090.

எதிர்பார்க்கும் கூடுதல் லாபமோ வருஷத்துக்கு 6,900. இந்தச் செலவை எடுக்கவே ஒன்றே முக்கால் வருஷம் ஆகும், அதுவும் அந்த 2 சதவீதம் உண்மையிலேயே வந்தால்.

ஆனால் இந்த ஒப்பீடே அரைகுறைதான். இன்று மாற்றுவதா, வருஷம் முடிந்து மாற்றுவதா என்றுதான் பார்க்க வேண்டும். 12 மாதம் தாண்டினால் லோடு இல்லை. நீண்ட கால லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 வரை வரியும் இல்லை. அவருக்கு வேறு லாபம் கிடையாது என்பதால் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். காத்திருப்பதால் கைவிட்டுப் போவது இரண்டு மாதக் கூடுதல் லாபம், 1,150 ரூபாய். அதற்குள் மார்க்கெட் விழுந்தால்? புதிய ஃபண்டும் ஈக்விட்டிதான், அதுவும் சேர்ந்தே விழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கணக்கு.

அந்த 1,25,000 ஏற்கெனவே தீர்ந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போது காத்திருந்தாலும் செஸ்ஸோடு 13 சதவீதம், அதாவது 5,850 ரூபாய் வரி கட்டத்தான் வேண்டும். அதனால் 12,090 முழுவதையும் அவசரத்தின் விலையாகச் சொல்ல முடியாது. 6,240 தான் சரி.

எஸ்.ஐ.பி.யில் போட்டவர்கள் முதல் தவணையின் தேதியைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக 12 மாதம் ஓட வேண்டும். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கும் என்பதால், வருஷம் தாண்டியதை மட்டும் இப்போது மாற்றிவிட்டு மிச்சத்தை விட்டுவைக்கலாம். ஸ்விட்ச் படிவத்தில் ‘எல்லா யூனிட்டும்’ என்று டிக் போடாமல், எண்ணிக்கையை எழுதினால் போதும்.