ஸ்லாப் கான்கிரீட்: கணக்கில் 10, வாங்கியது 11 கன மீட்டர்

ஐயா,

ஸ்லாப் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 125 மி.மீ. தடிமன், கணக்குப்படி 10 கன மீட்டர். 5 சதவீத சேதாரம் சேர்த்து 10.5 வாங்கியும் முதல் தளத்தில் கடைசி மூலைக்குப் பற்றவில்லை. லாரியை எடை போட்டோம், சரியாக இருந்தது. வரைபட அளவுகளும் சரி.

அப்புறம் இரண்டாம் தளத்தில் கம்பி கட்டுமுன் நூல் பிடித்து, சென்ட்ரிங்கின் ஆழத்தைப் பல இடங்களில் அளந்தேன். ஓரத்தில் 125, நடுவில் பலகை தாழ்ந்திருந்தது, சராசரி 131. அந்த 6 மி.மீ. மட்டுமே 80 சதுர மீட்டரில் 0.48 கன மீட்டர், ஏறக்குறைய முழுச் சேதாரமும்! பம்பின் 30 மீட்டர் குழாயில் தங்குவது இன்னொரு 0.37.

முட்டுகளை இறுக்கியதும் சராசரி 127 ஆனது, அதாவது 10.16. குழாயோடு 10.53, சிந்தலுக்கும் சேர்த்து 11 வாங்கினேன். நேற்று மூலை வரை தடையின்றி முடிந்தது, பெரிய நிம்மதி.